62 பக்க ஒப்பந்தத்துக்குச் சட்ட நிறுவனம் கொட்டேஷன் கேட்டால்

கேள்வி: சென்னையில் ஒரு சட்ட நிறுவனம் 62 பக்க விநியோக ஒப்பந்தத்தை அனுப்பி, "ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, கொட்டேஷன் அனுப்பவும்" என்று ஒரே வரியில் மெயில் போட்டிருக்கிறார்கள். இதுவரை ஏஜென்சிகளுக்குத்தான் செய்திருக்கிறேன், அங்கே ரேட் சொன்னால் போதும். வக்கீல்களுக்கு நேரடியாக எப்படி எழுதுவது? என்னிடம் ஜிஎஸ்டி பதிவு இல்லை.

பதில்:

கொட்டேஷனை இன்றே அனுப்பிவிடாதீர்கள். முதலில் நான்கு வரியில் ஒரு மெயில் போட்டு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். விலை, நாள், பொறுப்பு எல்லாமே அந்தப் பதில்களைப் பொறுத்து மாறும்.

முதலாவது, இது இறுதி வடிவமா, இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கும் வரைவா? சட்ட நிறுவன வேலைகளில் மொழிபெயர்ப்பாளர் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாள் வரை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் பாதி முடித்திருக்கும்போது எட்டாவது வரைவு வரும், "சின்னச் சின்ன மாற்றம்தான்" என்பார்கள். "ஒப்பந்தத்தை மொழிபெயர்க்க இவ்வளவு" என்று எழுதிக் கொடுத்திருந்தால் எட்டாவது வரைவும் ஒன்பதாவது வரைவும் அந்த விலைக்குள் அடக்கம் என்றுதான் படிப்பார்கள். படிப்பவர் வக்கீல் என்பதை மறக்க வேண்டாம். அதனால் ஒரு குறிப்பிட்ட கோப்புக்கு, அதன் பெயரையும் அது வந்த தேதியையும் எழுதி விலை சொல்லுங்கள்.

இரண்டாவது, தமிழ்ப் பிரதி எதற்கு? விநியோகஸ்தர் படித்துப் புரிந்துகொள்ளவா, இரு தரப்பும் தமிழிலும் கையெழுத்திடப் போகிறார்களா, ஏதாவது வழக்கில் தாக்கல் செய்யவா? கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தின் கடைசிப் பொதுப் பிரிவுகளைப் புரட்டிப் பாருங்கள். மொழி பற்றி அங்கே ஒரு சிறு பிரிவு இருக்கலாம். முரண்பாடு வந்தால் ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று அதில் இருந்தால் உங்கள் சுமை குறைவு. இரு பிரதிகளும் சம மதிப்புள்ளவை என்றிருந்தால் உங்கள் ஒவ்வொரு வாக்கியமும் சட்டப்படி செல்லுபடியாகும் வாக்கியம். அப்போது இன்னொருவர் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தே தீர வேண்டும், அந்தச் செலவும் விலையில் ஏற வேண்டும்.

மூன்றாவது, தரப்பினர் யார்? எதிர்த்தரப்புக்கோ அதன் போட்டி நிறுவனத்துக்கோ நீங்கள் இப்போது வேலை செய்துகொண்டிருந்தால், மறுப்பதை வேலை தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். கோப்பு ஏற்கெனவே கையில் இருப்பதால் முதல் பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முரண் இல்லை என்று கொட்டேஷனில் ஒரு வரி எழுதுங்கள். எல்லாச் சட்ட நிறுவனங்களும் தங்களுக்குள் செய்துகொள்கிற சோதனை இது. வெளியாள் ஒருவர் கேட்காமலேயே சொன்னால் அவருக்கு இந்தத் தொழில் தெரியும் என்று அர்த்தம்.

பதில் வரும் வரை சொற்களை எண்ணி வையுங்கள். நீதிமன்ற வட்டாரத்தில் பக்கக் கணக்கு இன்னும் உண்டு, ஆனால் வணிக ஒப்பந்தத்துக்கு அது ஒத்துவராது. வரையறைப் பிரிவு உள்ள பக்கத்தில் 600 சொற்கள் நெருக்கியடித்து நிற்கும், கையெழுத்துப் பக்கத்தில் 60கூட இராது. வேர்டில் `Review > Word Count` போய், `Include textboxes, footnotes and endnotes` என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தக் குறிகளோடு வந்த கோப்பானால், ஒரு நகலில் எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுவிட்டு எண்ணுங்கள். இல்லையென்றால் அடித்ததும் எழுதியதும் சேர்ந்து எண்ணிக்கை ஊதிவிடும். ஸ்கேன் செய்து படமாக ஒட்டிய இணைப்புகளை வேர்டு எண்ணாது. அவற்றில் இரண்டு பக்கத்தைக் கையால் எண்ணிச் சராசரி எடுங்கள்.

உங்கள் 62 பக்கத்தை இப்படி எடுத்துக்கொள்வோம். 54 பக்கம் வேர்டில், 21,400 சொற்கள். மீதி 8 பக்கம் ஸ்கேன், பக்கத்துக்குச் சுமார் 200 வீதம் 1,600. மொத்தம் 23,000. இது ஆங்கிலச் சொற்களின் எண்ணிக்கை, கொட்டேஷனிலும் "மூலச் சொற்கள்" என்றே எழுத வேண்டும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், அதே ஒப்பந்தம் தமிழில் கணிசமாகக் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். பக்கம் என்னவோ கூடும், சொல் குறையும். "ஒரு சொல்லுக்கு 4 ரூபாய்" என்று மொட்டையாக எழுதிவிட்டு முடித்த கோப்பை அவர்கள் எண்ணினால், வாக்குவாதம் உங்களுக்குச் சாதகமாக முடியாது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் செய்யும்போது இதே காரணத்தால் மூலச் சொல் விலையைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

ரூ. 4 என்பது கணக்குக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண், உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 23,000 சொற்களுக்கு ரூ. 92,000. ஸ்கேன் பக்கங்களில் அட்டவணைகளை மறுபடி கட்டியெழுப்ப வேண்டும், பக்கத்துக்கு ரூ. 250 வீதம் ரூ. 2,000. ஆக ரூ. 94,000. மெயிலில் முதலில் கண்ணில் பட வேண்டியது இந்த ஒற்றைத் தொகைதான். கணக்கு அதற்குப் பிறகு ஒரு வரியில் வந்தால் போதும். ஏஜென்சி பழக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களுக்குத் தள்ளுபடி என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். வக்கீல்கள் அதைக் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு பிரிவுகளில் ஒரு சொல் மட்டும் வேறாக இருக்கும், அதைப் பார்க்கத்தானே உங்களை வைக்கிறார்கள்.

நாள் கணக்கிலும் பெருமைக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தத் தமிழ் ஒரு நாளைக்கு 1,800 சொல் நகர்ந்தால் நல்ல வேகம். 23,000க்கு 13 வேலை நாள். கலைச்சொல் பட்டியலுக்கு ஒரு நாள், கடைசியில் முழுவதையும் மூலத்தோடு வைத்துப் படிக்க மூன்று நாள். 17 வேலை நாள்.

இனி மெயில். நீங்கள் ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். விஷயம் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன். இறுதி வரைவு என்றும், தமிழ்ப் பிரதி விநியோகஸ்தரின் தகவலுக்கு மட்டும் என்றும் அவர்கள் பதில் சொன்னதாக வைத்துக்கொள்வோம்.

> பொருள்: விநியோக ஒப்பந்தம், ஆங்கிலம்–தமிழ் மொழிபெயர்ப்பு: கட்டணம் ரூ. 94,000, 17 வேலை நாட்கள்
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,
>
> நேற்று அனுப்பிய `Distribution_Agreement_v7_clean.docx` கோப்பையும் அதன் ஆறு இணைப்புகளையும் பார்த்தேன். முதல் பக்கத்தில் உள்ள தரப்பினர் இருவருக்கும் நான் வேலை செய்ததில்லை, முரண் ஏதும் இல்லை.
>
> கட்டணம் ரூ. 94,000. இது 23,000 மூலச் சொற்களுக்குச் சொல்லுக்கு ரூ. 4 வீதமும், ஸ்கேனாக உள்ள 8 பக்கங்களை வடிவமைக்கப் பக்கத்துக்கு ரூ. 250 வீதமும் சேர்ந்தது. நான் ஜிஎஸ்டி பதிவு பெறாதவர், அதனால் வரி கூடுதலாக வராது.
>
> ஒப்புதலும் முன்பணமும் கிடைத்த மறு வேலை நாளிலிருந்து 17 வேலை நாட்களில் முழுப் பிரதியும் கிடைக்கும். இரண்டாம் நாள் சுமார் 60 கலைச்சொற்களின் பட்டியல் அனுப்புவேன். மூன்று வேலை நாட்களுக்குள் அதில் உங்கள் திருத்தங்களைச் சொல்ல வேண்டுகிறேன். 10ஆம் நாள் பிரிவு 1 முதல் 14 வரை அனுப்புவேன்.
>
> ஒப்படைப்பது: வேர்டு கோப்பு, யூனிகோடு எழுத்துரு, மூலத்தின் அதே பிரிவு எண்கள். மூலத்தில் எண் தவறாகவோ குறிப்பு விடுபட்டோ இருந்தால் திருத்தாமல் தனித் தாளில் குறித்துத் தருவேன். "உண்மையான, முழுமையான மொழிபெயர்ப்பு" என்று என் கையொப்பத்துடன் ஒரு பக்கச் சான்று இதில் அடங்கும். நோட்டரி செலவு அடங்காது.
>
> இந்தக் கோப்புக்குப் பிறகு வரைவு மாறினால், மாறிய வாக்கியங்களின் முழுச் சொல்லெண்ணிக்கைக்குச் சொல்லுக்கு ரூ. 6, ஒரு தடவைக்குக் குறைந்தது ரூ. 2,000. அதற்கான நாட்கள் தனி. ஒப்படைத்த 15 நாட்களுக்குள் என் பிழை என்று நீங்கள் காட்டுவதைக் கட்டணமின்றித் திருத்துவேன்.
>
> முன்பணம் ரூ. 28,200, பிரிவு 1–14 ஒப்படைத்ததும் ரூ. 28,200, முழுவதும் ஒப்படைத்த 15 நாட்களுக்குள் ரூ. 37,600. பில் உங்கள் நிறுவனத்தின் பெயரிலா, கட்சிக்காரர் பெயரிலா என்று தெரிவிக்கவும்.
>
> கோப்புகள் என் கணினியை விட்டு வெளியே போகாது, பணம் வந்து முடிந்த 60 நாட்களில் அழித்துவிடுவேன். உங்கள் ரகசிய உடன்படிக்கைப் படிவம் இருந்தால் அனுப்பவும். இந்த விலை 15 நாட்களுக்குச் செல்லும். "ஒப்புக்கொள்கிறோம்" என்ற பதிலே போதுமானது.

சில வரிகளுக்கு விளக்கம் தேவை.

வரைவு மாறினால் ஏன் முழு வாக்கியத்துக்கும் காசு? ஒரு உதாரணம். "உற்பத்தியாளருக்கு ஏற்படும் இழப்பை விநியோகஸ்தர் ஈடுகட்ட வேண்டும்" என்று எழுதி முடித்துவிட்டீர்கள். புது வரைவில் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குப் பின்னால் 'ஆர் இட்ஸ் அஃபிலியேட்ஸ்' என்று மூன்றே சொல் நுழைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வேறு எதுவும் அசையாது. தமிழில் "உற்பத்தியாளருக்கோ அதன் குழும நிறுவனங்களுக்கோ ஏற்படும் இழப்பை" என்று உருபு பிரிந்து இரண்டு இடத்தில் ஏற வேண்டும். அதே பிரிவில் பின்னால் வரும் "அவர்", "அவருடைய" எல்லாம் யாரைக் குறிக்கின்றன என்று மறுபடி பார்க்க வேண்டும். மூன்று சொல்லுக்கு 18 ரூபாய் என்று பில் போட்டால் அரை மணி நேரம் தர்மத்துக்குப் போயிற்று. புது வரைவு வரும்போது `Review > Compare` போட்டு இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டையே பில்லோடு இணையுங்கள். "எங்கே இவ்வளவு மாறியது?" என்ற கேள்வி எழாது.

கலைச்சொல் பட்டியல் மரியாதைக்காகச் சேர்த்ததல்ல. இண்டெம்னிட்டி, டேமேஜஸ், காம்பன்சேஷன் மூன்றையும் அசந்தால் "இழப்பீடு" என்றே எழுதிவிடுவோம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இல் பிரிவு 73 ஒப்பந்தத்தை மீறியதால் வரும் இழப்புக்கான ஈட்டைப் பேசுகிறது, பிரிவு 74 முன்கூட்டியே குறித்த தொகையைப் பேசுகிறது, பிரிவு 124 ஒருவருக்கு வரும் இழப்பிலிருந்து அவரைக் காப்பதாகக் கொடுக்கும் உறுதியைப் பேசுகிறது. மூன்றும் வேறு வேறு கடமைகள். ஒப்பந்தம் இவற்றைத் தனித்தனிப் பிரிவில் வைத்திருக்க, தமிழில் எல்லாம் ஒரே சொல்லாகத் தெரிந்தால் விநியோகஸ்தர் ஒரே பிரிவை மூன்று தடவை படித்ததாக நினைப்பார். எந்தச் சொல் எதற்கு என்று நீங்கள் முன்மொழியுங்கள், அவர்கள் ஒப்புதல் தரட்டும். 17ஆம் நாள் ஒரு மூத்த வக்கீல் "இந்தச் சொல் பிடிக்கவில்லை" என்று 140 இடத்தில் மாற்றச் சொன்னால், ஒப்புதல் வந்த மெயிலைக் காட்டலாம். மூன்று நாள் கெடு வைத்ததும் அதற்குத்தான். பதிலே வராவிட்டால் "பட்டியலில் உள்ளபடியே தொடர்கிறேன்" என்று ஒரு வரி போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

யூனிகோடு என்று எழுதாமல் விட்டால், ஒப்படைத்த பிறகு "எங்கள் டைப்பிஸ்ட் வானவில் எழுத்துருவில்தான் அடிப்பார், அதில் மாற்றித் தாருங்கள்" என்று வரலாம். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், மறுபடி முழுக்கப் படிக்க வேண்டும். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு.

சான்று பற்றி ஒரு விஷயம். ஜெர்மனி போன்ற நாடுகளில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. இந்தியாவில் அப்படிப் பொதுவான ஏற்பாடு கிடையாது. "சர்ட்டிஃபைடு டிரான்ஸ்லேஷன்" என்று கேட்டால் அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கையொப்பச் சான்று போதும் என்பார்கள், அல்லது நோட்டரி சரிபார்த்தது வேண்டும் என்பார்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது நோட்டரிச் சட்டம், 1952இல் நோட்டரிக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று. அதற்கான அலைச்சலை யார் ஏற்பது என்று மெயிலிலேயே தெளிவாக்கிவிடுங்கள்.

இனிப் பணம். தமிழ்நாட்டில் சேவை செய்பவருக்கு ஆண்டு வருவாய் ரூ. 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது, ஆகவே ஏஜென்சி மெயில்களில் பார்த்த "ஜிஎஸ்டி தனி" என்ற வரியைப் பழக்கதோஷத்தில் ஒட்டிவிடாதீர்கள். பதிவு இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து ரூ. 1,10,920 ஆகியிருக்கும். வருமான வரிப் பிடித்தம் வேறு கதை. தொழில்முறைக் கட்டணம் என்று வகைப்படுத்தி 10 சதவீதம் பிடித்தால் ரூ. 9,400 போக ரூ. 84,600தான் கணக்கில் விழும். அந்தப் பணம் உங்கள் பான் எண்ணில் வரவாகி, ரிட்டர்ன் போடும்போது கணக்கில் வரும். பிடித்தத்தை ஈடுகட்ட விலையை ஏற்ற வேண்டியதில்லை. பான் எண்ணை மட்டும் பில்லில் மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

பில் யார் பெயரில் என்று கேட்டிருப்பதைக் கவனியுங்கள். "கட்சிக்காரர் கொடுத்ததும் தருகிறோம்" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். உங்களுக்கு வேலை கொடுத்தது சட்ட நிறுவனம் என்றால் பணம் தர வேண்டியதும் அதுவே, கட்சிக்காரர் எப்போது கொடுக்கிறார் என்பது அவர்களுக்குள் உள்ள விஷயம். கட்சிக்காரர் பெயரில்தான் பில் வேண்டும் என்றால், ஒப்புதல் மெயிலும் கட்சிக்காரரிடமிருந்தே வரட்டும், முன்பணமாக மொத்தத்தில் பாதியைக் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்வதும் நல்லது. எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம், 2006இன்படி சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளில், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் தர வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் வேலை தொடங்கும் முன்பே பதிந்துவிடுங்கள், பணம் சிக்கிய பிறகு ஓடிப்போய்ப் பதிவதை நம்பியிருக்க முடியாது. பதிவு எண்ணை பில்லின் தலையில் போட்டாலே போதும், சட்டத்தை மெயிலில் விளக்க வேண்டாம். அவர்களுக்கே தெரியும்.

பொறுப்புக்கு வரம்பு வேண்டுமானால், "பிழையால் எழும் பொறுப்பு இந்தக் கட்டணத் தொகைக்கு மிகாது" என்று ஒரு வரி சேர்க்கலாம். தகவலுக்கான பிரதி என்பதால் மேலே அதைச் சேர்க்கவில்லை. இரு மொழியும் சம மதிப்பு என்றால் கட்டாயம் சேர்ப்பேன். அவர்கள் அதை அடித்துவிட்டு அனுப்பக்கூடும். அப்போது கேட்க வேண்டியது, இறுதிப் பிரதியைத் தமிழ் தெரிந்த அவர்களின் வக்கீல் ஒருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும் என்பது.

கொட்டேஷன் போன பிறகு பெரும்பாலும் வரும் பதில், "விலை சரி, ஆனால் எட்டு நாளில் வேண்டும்". 17ஐ எட்டாக்க இரவு கண்விழிப்பேன் என்று எழுதாதீர்கள், கடைசிச் சரிபார்ப்புதான் பலியாகும். எட்டாம் நாள் விநியோகஸ்தர் எதைப் படித்தாக வேண்டும் என்று கேளுங்கள். விலையும் செலுத்துகையும், குறைந்தபட்சக் கொள்முதல், ஒப்பந்த முறிவு, இழப்புக்காப்பு, தகராறுத் தீர்வு என்று ஐந்தாறு பிரிவுகளாகத்தான் இருக்கும். அவற்றையும் அவை சார்ந்த வரையறைகளையும் முதலில் தருவதாகச் சொல்லுங்கள். 10,000 சொற்களுக்குள் அடங்கினால் ஆறு நாள் வேலை, ஒரு நாள் சரிபார்ப்பு, கலைச்சொல் நாளும் சேர்த்து எட்டு. முழுவதும் எட்டு நாளில் வேண்டும் என்று அடம் பிடித்தால் இன்னொரு மொழிபெயர்ப்பாளரைச் சேர்க்க வேண்டும், கோப்பை அவரிடம் காட்ட எழுத்தில் அனுமதி வேண்டும், இரு கைகளின் தமிழையும் ஒருவரே படித்து ஒன்றாக்க வேண்டும். அதற்கு வேறு விலை, வேறு கொட்டேஷன். பழைய மெயிலின் மேலேயே எண்களை மாற்றி எழுதாமல் புது மெயிலாக, "முந்தைய கொட்டேஷனுக்குப் பதிலாக" என்ற வரியோடு அனுப்புங்கள். இரண்டும் அவர்கள் கோப்பில் இருந்து, எது நடப்பில் உள்ளது என்று தெரியாமல் போனால், குறைந்த தொகையும் குறைந்த நாளும்தான் நினைவில் நிற்கும்.